டொம்... சளக்...

பேய்க்கதை ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டதா இல்லையா என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. "எனக்கெல்லாம் பயமே இல்லக்கா" என்றுதான் எல்லாப் பிள்ளையும் சொல்லும். நான் கொசுவை வைத்துக் கண்டுபிடிப்பேன். மணவாள நகரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மொட்டை மாடியில் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்தால் பட், பட் என்று கொசு அடிக்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கதை இறுகத் தொடங்கியதும் அது குறையும். நன்றாக இறுகிவிட்டால் ஒரு கைகூட அசையாது. கடிபட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரே ஒரு "பட்" கேட்டாலும் அந்த இடத்தில் கதை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை அந்த வரியை எடுத்துவிடுவேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு ஊர் இதுதான். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். கோயிலும் பஜாரும் அந்தப் பக்கம். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கடிகாரமே கம்பெனி பஸ்தான். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டோ திரும்பிக்கொண்டோ இருப்பார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

கதை சொல்ல ஆரம்பித்தது 2012-இல். அந்த வருட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், சென்னையைத் தாண்டிய ஊர்களுக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். ராத்திரி கரண்ட் போனதும் தெருவே மாடிக்கு ஏறிவிடும். பெரியவர்கள் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொள்வார்கள். 2021 கடைசியில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். பாடம் முடிந்த கடைசி பத்து நிமிடம் கதைக்கு. பத்து வருடத்துக்கு முன் மாடியில் சும்மா செய்ததை அப்போதுதான் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினேன்.

பயமுறுத்திவிட்டு முடிவில் சிரிக்க வைக்க வேண்டும், அதுதான் நான் நினைத்தது. என் முதல் கதைகளில் முடிவில் வருவது பூனைதான். சமையலறையில் ஏதோ உருளுகிறது, முனகுகிறது, எட்டிப் பார்த்தால் சொம்புக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட பூனை. முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாவது கதையில் சமையலறை என்று வாயைத் திறந்ததுமே "பூனக்கா" என்றது ஒரு வாண்டு. பூனை, எலி, காற்றில் ஆடுகிற துணி, தென்னை மட்டை, இவை நான்கும் எந்தப் பிள்ளையும் முதலில் சொல்லுகிற விடைகள். அவர்கள் வீட்டில் பயந்து அழுதபோதெல்லாம் அம்மாக்கள் சொல்லிச் சமாதானப்படுத்திய விடைகளும் இவைதான். ஏற்கெனவே கையில் இருப்பதைத் திரும்பக் கொடுத்தால் யார் சிரிப்பார்கள்?

சரி, நிஜமான பேயையே கொண்டுவந்து கேலி செய்யலாம் என்று பார்த்தேன். அதில் வேறு சிக்கல். எங்கள் பக்கத்தில் இருட்டில் நடமாடுகிறவர்கள் எல்லோரும் பேய் இல்லை. முனி ஏரிக்கரையில் நின்று காவல் காக்கிற சாமி. ஒரு கதையில் முனி, பீடிக்கு நெருப்புக் கேட்பதாகச் சொன்னேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மறுநாள் எதிர்வீட்டு ஆயா வாசலில் நின்று, "ஏம்மா, நாங்க ஆடு வெட்டிப் பொங்க வெக்கறோம், நீ பீடி குடுக்கிறியா?" என்றது. ஆயா கேட்டது நியாயம். அன்றோடு முனியை விட்டேன். வேதாளமும் சரிப்படவில்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில், சங்கர் வரைந்த படத்தோடு, தோளில் பிணத்தைச் சுமந்த விக்கிரமனைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். பயமெல்லாம் அந்தப் படத்தில்தான். வாயைத் திறந்தால் வேதாளம் வாத்தியார் மாதிரி கேள்வி கேட்கும். பாடம் முடித்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வியா?

செய்த தவறுகளில் ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது. ஒரு தடவை, பயம் நன்றாக ஏறட்டும் என்று கதையைத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோனேன். கடைசி மின்சார ரயில் போனபிறகு தண்டவாள ஓரத்தில் ஒரு உருவம் என்று தொடங்கினேன். கொசுச் சத்தம் உடனே நின்றது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, ஒன்றும் பேசாமல் படி இறங்கிப் போய்விட்டான். அவன் சித்தப்பா தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டுப் போனவர் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எதை முடிவில் வேடிக்கையாக்கினாலும் அவனுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. தண்டவாளம், கூவத்து மடுவு, கிணறு, தூக்குக் கயிறு, வெள்ளைப் புடவை எதுவும் என் கதையில் வராது. ஊரில் யாராவது நிஜமாகச் செத்த இடத்தையும் விதத்தையும் தொட மாட்டேன். மாடிப்படி, வாசல், சமையலறை, கட்டில், இவை போதும். பிள்ளைக்குத் தூங்கப்போகிற கட்டிலைவிடப் பயங்கரமான இடம் சுடுகாட்டில்கூட இல்லை.

கடைசியில் நின்ற கதை வெளியிலிருந்து வரவில்லை, என் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டிலிருந்து வந்தது. 2012-இல் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரருக்கு முழு நைட். பஸ் ஹாரன் அடித்துவிட்டது. இருட்டில் கால் தடவி மாட்டிக்கொண்டு ஓடினார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். ஒரு காலில் சேப்டி ஷூ, மற்றதில் என் ரப்பர் செருப்பு. சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அவர் திரும்பி வந்தபோது, மேலே வருவது யார் என்று தெரியாத ஓர் அரை நிமிடம், அந்தச் சத்தம் என் வயிற்றைக் கலக்கியது. முனையில் இரும்பு வைத்த ஷூ படியில் விழுகிறது: டொம். பின்னாலேயே ரப்பர்: சளக். மனிதர் நடந்தால் இரண்டு காலும் ஒரே மாதிரிதானே கேட்கும்?

அதைக் கதையாக்கினேன். இப்போது நான் சொல்கிற வடிவம் இது.

ஒரு வீடு. அதில் நம்மைப் போல ஒரு பிள்ளை, பெயர் வைக்க மாட்டேன். ராத்திரி ஒன்பதே முக்கால். கரண்ட் போய்விட்டது. அப்பா வேலைக்குக் கிளம்புகிறார். அம்மா சாப்பாடு கட்டித் தருகிறாள். "டார்ச் எடுத்துக்கோங்க" என்கிறாள். "நேரமாச்சுடி" என்று அப்பா ஓடுகிறார். பஸ் போகிற சத்தம். கதவைத் தாழிட்டாயிற்று. இந்த இடத்தை வேகமாக, ஒன்றுமே இல்லாதது போலச் சொல்லிவிடுவேன். முடிவுக்குத் தேவையான எல்லாம் இங்கேதான் இருக்கிறது, அதை யாரும் கவனிக்கக் கூடாது.

பன்னிரண்டு மணி. நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன. கீழே கேட் திறக்கிறது. பிறகு முதல் படியில்: டொம். கொஞ்சம் விட்டு: சளக். பிள்ளை எண்ணுகிறது. டொம்... சளக். ஒரு கால் இரும்பு, ஒரு கால்... ஈரம்? கூடவே ஒரு சத்தம், கிரீச், கிரீச், எலும்பு உரசுகிற மாதிரி. வாசலில் வந்து நிற்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு தலை தெரிகிறது. முடியே இல்லாத, வழவழ என்று பெரிய தலை. நிலா வெளிச்சத்தில் மின்னுகிறது. கதவிடுக்கு வழியாகக் காற்றுப் போல ஒரு குரல்: "எங்கே... எங்கே... என்னோட இன்னொண்ணு எங்கே..."

படியில் நான்கு முறை, வாசலில் இரண்டு முறை, அவ்வளவுதான் சத்தம். முதலில் ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது படியில் பின்வரிசையில் கொசு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதேபோல மர்மங்களையும் முதலில் அள்ளிக் கொட்டியிருந்தேன். சிவந்த கண், குளிர்ந்த காற்று, வேப்பிலை வாசனை, தானாக ஆடுகிற ஊஞ்சல். ஒரு நாள் கதை முடிந்து எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் ஒரு பெண், "அப்போ ஊஞ்சல ஆட்டுனது யாருக்கா?" என்றாள். என்னிடம் பதிலில்லை. அவள் அன்று சிரித்ததாகவே தெரியவில்லை. பயமுறுத்துவதற்காக நான் வைக்கிற ஒவ்வொரு சத்தமும் பிள்ளையிடம் வாங்கிய கடன். ஒன்றைத் தீர்க்காமல் விட்டாலும் அந்த ஒன்று அதனோடு வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். ஊஞ்சலையும் வேப்பிலையையும் தூக்கினேன். காலடி, கிரீச், தலை, குரல், நான்கு மட்டும் மிச்சம்.

நான்குக்கும் விடை ஒரே ஆள். காலடி: ஒரு காலில் ஷூ, ஒரு காலில் அம்மாவின் செருப்பு. இரண்டு காலிலும் சேப்டி ஷூ இல்லை என்று கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிரீச்: டிபன் கேரியரின் கைப்பிடி. வழவழத் தலை: கை நிறையச் சாமான் இருப்பதால் தலையிலேயே மாட்டிக்கொண்டு வந்த ஹெல்மெட். குரல் ஏன் காற்றாக வருகிறது? அம்மா விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பேய்க்கே ஒரு பயம் இருக்கிறது, அது அம்மா மேல் என்றதும்தான் மாடி அதிர்கிறது. ஷூவுக்கு ஒரு சிரிப்பு என்றால் இதற்கு மூன்று சிரிப்பு. கம்பெனி இல்லாத ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் ஷூவின் பாதி வேடிக்கை போய்விடும். இங்கே பிள்ளைகளுக்குச் சேப்டி ஷூவின் கனம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதில் கால் விட்டு நடந்து பார்க்காத பிள்ளை இல்லை.

ஆனால் இந்த விடைகளை நான் சொல்வதில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. தொடக்கத்தில் கதவு திறந்ததும், "அப்பாதான்! ஏன்னா இருட்டுல அவசரத்துல ஒரு கால்ல" என்று விளக்கம் சொல்லுவேன். விளக்கம் முடிவதற்குள் பயம் வடிந்துவிடும். வடிந்தபிறகு வருகிற வேடிக்கைக்குப் பல்லைக் காட்டுவார்கள், சிரிக்க மாட்டார்கள். இப்போது அம்மா தீக்குச்சியைக் கிழிக்கிறாள். வெளிச்சம் முதலில் தரையில் விழுகிறது. "பிள்ளை குனிஞ்சு அந்தக் கால்களப் பார்த்துச்சு. ஒரு காலு... கறுப்பா... முன்னாடி உருண்டையா... கயிறு கட்டியிருந்துச்சு. இன்னொரு காலு..." என்று சொல்லி நிறுத்துவேன். "ரோஸ் கலர் வாரு." அவ்வளவுதான். முதலில் பெரிய பிள்ளை யாராவது "செருப்பு!" என்று கத்தும். பிறகு ஹெல்மெட், டிபன் என்று ஒவ்வொன்றாக அவர்களே அவிழ்ப்பார்கள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

"இன்னொரு காலு" என்பதற்கும் "ரோஸ் கலர்" என்பதற்கும் நடுவில் விடுகிற இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன், மார்க் ட்வைன் 1895-இல் கதை சொல்வது பற்றி எழுதிய கட்டுரையில் இதையே சொல்கிறார். சிறுவயதில் கேட்ட பொற்கைப் பேய்க்கதையை அவர் மேடையில் சொல்வாராம். செத்த மனைவியின் தங்கக் கையைக் கணவன் திருடிவிட, அவள் "யாரிடம் என் கை" என்று தேடிக்கொண்டு வருவாள். கடைசி வரிக்கு முன் விடுகிற மௌனம் சரியான அளவில் இருக்க வேண்டும், கூடினால் ஏதோ வரப்போகிறது என்று கூட்டம் ஊகித்துவிடும் என்கிறார். அவர் அந்த மௌனத்தின் முடிவில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தி அவளைத் துள்ள வைத்துவிடுவார். எனக்கு அந்தக் கத்தல் வேண்டாம். துள்ளியபின் அந்தப் பெண் வீட்டுக்குத் தனியாக நடந்து போவாளே. ஆனால் மௌனத்தின் அளவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். என் கணக்கில் அது ஒரு முழு மூச்சு. மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டு, "ரோஸ்". அரை மூச்சில் சொன்னால் பின்வரிசைக்கு ஷூவே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டு மூச்சு விட்டால் முன்வரிசையில் ஒருவன் முந்திக்கொள்வான்.

இவ்வளவு பார்த்துச் செய்தும் ஒன்று பிசகியது. ஐந்து வயதுக்குட்டி ஒன்று அண்ணனோடு வந்து உட்காரும். எல்லோரும் சிரித்தபோது அதுவும் சிரித்தது. ராத்திரி அம்மாவைக் கட்டிக்கொண்டு, கழிவறைக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றதாம். அம்மா என்னிடம் வந்து சண்டை போடவில்லை. "இன்னா கத சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். குட்டியிடம் பேசிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஷூவும் செருப்பும் சேர்ந்தால் அந்தச் சத்தம் வரும் என்பது அதற்கு எட்டவே இல்லை. பெரிய பிள்ளைகள் சிரித்ததால் கூடச் சிரித்திருக்கிறது. அதன் கணக்கில் டொம் சளக் இன்னும் படியில்தான் நிற்கிறது.

மறுநாள் என் வீட்டுக்காரரின் பழைய ஷூ ஒன்றையும் என் செருப்பையும் மாடிக்குக் கொண்டுவந்தேன். குட்டியின் இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாக மாட்டி, "படி ஏறு" என்றேன். தரையில் கையால் நடந்தது. டொம். சளக். தன் கையையே பார்த்தது. மறுபடி நடந்தது. பிறகு அன்று முழுவதும் நிறுத்தவே இல்லை. அன்றிலிருந்து ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என் கதையைக் கேட்க மாட்டார்கள், சத்தம் போடுவார்கள். சத்தம் யார் கையிலிருந்து வருகிறதோ அவர்களுக்கு அதில் பயமில்லை. பெரியவர்களுக்குப் பயம் குறையவும் இல்லை. இருட்டில் முதுகுக்குப் பின்னால் நிஜமான ஷூ விழுகிற சத்தம் என் வாயால் வருகிற டொம்மைவிட எவ்வளவோ மேல்.

செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் ஒரு வருடம் எங்களோடு இருந்தான். தமிழ் அவ்வளவாகப் புரியாது. கதை நேரத்தில் மாடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் கிரீச்சைக் கொடுத்தேன், பழைய டிபன் கேரியர் ஒன்று. இரண்டாம் நாளே நான் தலையாட்டுவதற்கு முன் சரியான இடத்தில் கிரீச் வந்தது. அவனுக்கு வார்த்தை வேண்டியிருக்கவில்லை, என் குரல் எங்கே தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ரோஸ் வாருக்கு எல்லோருக்கும் முன்னால் சிரித்ததும் அவன்தான், அது வேறு விஷயம்.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த கூட்டம் கதையையே கவிழ்த்தது. "கரண்ட் போய்விட்டது" என்றேன். ஒரு பெண், "இன்வெர்ட்டர் இல்லையாக்கா?" என்றாள். "இல்ல." "போன்ல டார்ச் அடிச்சுப் பார்க்க வேண்டியதுதானே ஷூவ?" எனக்கு வாய் அடைத்தது. பத்து வருடமாக ஓடிய கதை, ஒரே கேள்வியில் ஒற்றைச் செருப்போடு நின்றது. அப்பா போனை மறந்துவிட்டார் என்று சமாளித்தேன். ஒருவரும் நம்பவில்லை. எந்த அப்பா போனை மறப்பார்? சார்ஜ் இல்லை என்றேன். "ஏன் இல்ல? கரண்ட் இப்பத்தானே போச்சு?"

இரண்டு வாரம் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்த நான்காம் வகுப்புப் பையன், நான் கேட்காமலே மெதுவாகச் சொன்னான்: "அக்கா, சார்ஜ தீர்த்தது அந்தப் பையன்தான். சாயங்காலம் ஃபுல்லா கேம் ஆடிக்கினு இருந்தான். அப்பாகிட்ட சொல்லல."

நான்கு கடனோடு ஐந்தாவது. இப்போது அம்மா தீக்குச்சியைக் கிழித்து, பிள்ளைகள் ஷூவையும் ஹெல்மெட்டையும் டிபனையும் அவிழ்த்து முடித்து, அப்பா "போன்ல டார்ச் இருந்தா இப்படி ஆயிருக்குமா? யார்றா சார்ஜ தீர்த்தது?" என்று திரும்புவார். அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்வதில்லை. கதையிலிருக்கிற பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து குரல் கொடுக்கும். அதைச் சொல்கிற வேலை அந்த நான்காம் வகுப்புப் பையனுக்கு. காற்றுப் போல, கதவிடுக்கு வழியாக வருகிற மாதிரி சொல்லுவான்:

"பேய்ப்பா..."